பணம் வரும்வரை வரும் மறதி
சோழவந்தான் விவசாயிகளுக்கு ஒரு திறந்த மடல்



ஐப்பசி மழை பிடித்து, கொடிக்காலில் வாடல் தலைகாட்டுகிற வாரங்களில் வீட்டுக்குள்ளும் ஒன்று தலைகாட்டுகிறது. மோட்டாரை நிறுத்தினோமா என்பது நினைவுக்கு வராது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சாவியைத் தேடுவார்கள். கடைக்குப் போய் நின்ற பிறகு என்ன வாங்க வந்தோம் என்று யோசிப்பார்கள். வியாபாரி சொன்ன விலை காதில் விழுந்தது மாதிரி இருக்கும், வீட்டுக்கு வந்து சொல்ல முடியாது. ஐம்பதைத் தாண்டியவர் என்றால் வீட்டார் "வயசாயிடுச்சு" என்பார்கள். முப்பது வயதுக்காரர் என்றால் "பொறுப்பில்லை" என்பார்கள். சம்பந்தப்பட்டவரோ வெளியே சொல்லாமல், நமக்கு மூளையில் ஏதோ கோளாறு என்று பயந்துகொண்டிருப்பார்.

இந்த மூன்று முடிவுகளும் பெரும்பாலும் தவறு. அப்படிச் சொல்வதற்கு ஆதாரம் வெளிநாட்டு ஆய்வுக்கூடத்தில் தேட வேண்டியதில்லை. உங்களைப் போலவே தமிழ்நாட்டில் பயிர் வைத்துக் கடனோடு காத்திருக்கும் விவசாயிகளிடமே அது கிடைத்திருக்கிறது.

விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை 2010-ல் ஆய்வாளர்கள் சந்தித்தார்கள். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபிர், ஜியாயிங் ஜாவோ என்ற நால்வர் 2013-ல் 'சயின்ஸ்' இதழில் அதன் முடிவை வெளியிட்டார்கள். கரும்பைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உங்களுக்கே விளங்கும். ஆண்டுக்கு ஒரு வெட்டு, ஒரே தடவையில் பணம். வெட்டு உத்தரவு எப்போது என்பதை ஆலை முடிவு செய்கிறது. ஒரே ஊரில் ஒருவருக்கு வெட்டு முடிந்து பணம் வந்திருக்கும், பக்கத்து வயல்காரர் இன்னும் காத்திருப்பார். ஆகவே வெயில், மழை, பண்டிகை என்று எதன் மேலும் பழியைப் போட முடியாதபடி, காத்திருத்தலை மட்டும் தனியே பிரித்துப் பார்க்க முடிந்தது.

வெட்டுக்கு முன் அந்த விவசாயிகளில் 100-க்கு 78 பேர் ஏதாவது ஒன்றை அடகு வைத்திருந்தார்கள். வெட்டுக்குப் பின் 4 பேர். கடன் இருந்தவர்கள் முன்பு 99, பின்பு 13. இந்த இரண்டு நிலையிலும் அதே ஆட்களுக்கு அதே வகையான சோதனையை வைத்தார்கள்.

அதில் ஒன்று மிக எளிது. அட்டையில் '5 5 5' என்று எழுதியிருக்கும். எத்தனை எண்கள் இருக்கின்றன என்று கேட்டால் '3' என்று சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரிவது ஐந்து, நாக்கில் முட்டிக்கொண்டு வருவதும் ஐந்து. அதை அடக்கிவிட்டு எண்ணிச் சொல்லக் கவனம் வேண்டும். அத்தனை அட்டைகளையும் சொல்லி முடிக்க வெட்டுக்கு முன் சராசரியாக 146 வினாடி ஆனது, வெட்டுக்குப் பின் 131 வினாடி. தவறுகளும் முன்புதான் அதிகம். இன்னொரு சோதனையில் படவரிசையில் விட்டுப்போன துண்டைக் கண்டுபிடிக்க வேண்டும். வெட்டுக்கு முன் சராசரியாக 4.35 சரி, பின் 5.45 சரி. இரண்டாம் தடவை செய்ததால் பழக்கம் வந்திருக்கலாம் என்ற கேள்வி எழும் அல்லவா? அதற்காகவே 100 பேரை ஒதுக்கி வைத்து, வெட்டுக்குப் பிறகுதான் முதன்முறையாகச் சோதித்தார்கள். அவர்களும் நன்றாகவே செய்தார்கள்.

அதே மனிதர், அதே படிப்பு, அதே வயது. இடையில் சில மாதங்கள்தான் கூடியிருந்தன. வயதுதான் காரணம் என்றால் பின்னால் வைத்த சோதனையில் குறைந்திருக்க வேண்டுமே தவிர, கூடியிருக்கக் கூடாது.

இந்த ஆய்வின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். அது அளந்தது கவனத்தையும் யோசிக்கும் திறனையும்தான், நேரடியாக நினைவை அல்ல. அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் மக்களைச் சோதித்து 2016-ல் வெளியான ஓர் ஆய்வில் இப்படியான வித்தியாசம் தெரியவில்லை. அங்கே இடைவெளி சில நாட்கள். இங்கே ஓர் ஆண்டுப் பாடு ஒரே பணத்தை நம்பி நிற்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்றுதான் தோன்றுகிறது. ஒடிசாவில் தையல் இலை தைக்கும் கூலிக்காரர்களிடம் நடந்த ஆய்வு கரும்பு விவசாயிகளின் ஆய்வுப் பக்கம்தான் நிற்கிறது. வேலை வறண்ட பருவத்தில் இரண்டு வார வேலை கொடுத்து, சிலருக்கு மட்டும் கூலியில் ஒரு பகுதியை முன்னதாகவே கொடுத்தார்கள். மொத்தக் கூலி எல்லோருக்கும் ஒன்றுதான். பணம் கைக்கு வந்தவர்கள் கடனை அடைத்தார்கள், பிறகு சராசரியாக 7 சதவீதம் போலக் கூடுதலாக இலை தைத்தார்கள். கவனப் பிசகுகளும் குறைந்தன. அவர்களிலும் மிக ஏழைகளிடம்தான் மாற்றம் பெரிது.

சரி, கவனத்துக்கும் மறதிக்கும் என்ன சம்பந்தம்? கொடிக்கால் வேலையில் ஒரு காலைப் பொழுதை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

வாடலுக்காக ஒருவர் போர்டோ கலவை போடுகிறார். 1 சதவீதக் கலவை என்றால் 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, மொத்தம் 100 லிட்டர் தண்ணீர். கொடிக்கு எந்தப் பதம், எப்போது என்பதை வேளாண்மை அலுவலர் சொல்லியிருக்கிறார். துத்தத்தை ஒரு பிளாஸ்டிக் வாளியில் கரைத்தாயிற்று. சுண்ணாம்பை இன்னொன்றில் நீற்றுகிறார். அந்த நேரத்தில் செல்போன் அடிக்கிறது. அடகு வைத்த நகைக்குத் தவணை முடிகிறது, வட்டியாவது கட்டுங்கள் என்கிறது குரல். பேசிக்கொண்டே கை வேலை செய்கிறது. பேசி முடித்த பிறகும் பேச்சு மனத்துக்குள் ஓடுகிறது: மச்சினனிடம் கேட்கலாமா, போன தடவை கேட்டதே இன்னும் திருப்பவில்லையே, சித்திரையில் மகள் கல்லூரிக் கட்டணம் வேறு. கால் மணி நேரம் கழித்து வாளியைப் பார்க்கிறார். சுண்ணாம்பு முழுவதையும் சேர்த்தோமா, பாதியா? எவ்வளவு யோசித்தாலும் கிடைக்கவில்லை.

கிடைக்காது. ஏனென்றால் அது பதிவாகவே இல்லை.

ஒரு சமயத்தில் மனத்தின் முன்தட்டில் நாம் வைத்துக்கொள்ளக்கூடியது மூன்று நான்கு விஷயங்கள்தான். உளவியலில் இதைச் செயல் நினைவு என்கிறார்கள். செய்துகொண்டிருக்கும் வேலை அந்தத் தட்டில் இடம்பெற்றால்தான் நீடித்த நினைவுக்குப் போகும். கவலை அங்கே வந்து உட்காரும்போது அது ஒரே ஓர் இடத்தோடு நிற்பதில்லை. தேதி, தொகை, யாரிடம் கேட்பது, கேட்டால் என்ன சொல்வார்கள் என்று எல்லா இடத்தையும் எடுத்துக்கொள்கிறது. கை பழக்கத்தால் வேலையைச் செய்து முடித்துவிடுகிறது. மனம் சாட்சியாக இருக்கவில்லை. அதனால்தான் பழகிய வேலைகளில்தான் இந்த மறதி அதிகம்: மோட்டார் சுவிட்ச், கேஸ் அடுப்பு, கதவுப் பூட்டு, தினசரி மாத்திரை. புதிதாகக் கற்றுக்கொண்ட வேலையை யாரும் இப்படி மறப்பதில்லை, அது கவனத்தைக் கட்டாயமாகக் கேட்கிறது.

இது முதல் வகை. இரண்டாவது வகையில் நினைவு உள்ளே பத்திரமாகவே இருக்கும், கேட்கும் நேரத்தில் வெளியே வராது. வங்கிக் கவுண்டரில் நிற்கும்போது சொந்தக் கடன் கணக்கு எண்ணோ, பல வருடம் பழகிய மேலாளர் பெயரோ நாக்கில் வராமல் போய், பஸ் ஏறிய பிறகு தானாக வருகிறதே, அதுதான். பதற்றத்தில் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோனுக்கு இதில் பங்கு உண்டு. ஏற்கெனவே படித்து வைத்ததை எடுத்துச் சொல்லும் திறனை அது தற்காலிகமாகக் குறைக்கிறது என்பதைச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். அதே பதற்றம், பயந்த சம்பவத்தை மட்டும் ஆழமாகப் பதித்துவிடுவதும் உண்டு. கடன்காரர் வாசலில் நின்று பேசிய வார்த்தை ஒன்றுவிடாமல் நினைவிருக்கும், அன்று காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது இருக்காது. நினைவு கெட்டுப்போயிருந்தால் இரண்டுமே போயிருக்க வேண்டும்.

இதோடு தூக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பகலில் பதிந்தது இரவுத் தூக்கத்தில்தான் உறுதிப்படுகிறது. விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு ஓட்டை எண்ணிக்கொண்டிருப்பவருக்கு அந்த வேலை பாதியில் நிற்கிறது, மறுநாள் கவனமும் மங்குகிறது. தலைக்குள் பஞ்சு அடைத்தது போல, பனிமூட்டம் போல இருக்கிறது என்று சொல்லப்படும் அந்த மந்தம் பெரும்பாலும் இப்படித்தான் கட்டப்படுகிறது: நாள் முழுவதும் ஓடும் கவலை, அதன் மேல் தூங்காத இரவு.

அடுத்ததுதான் பலருக்கும் தெரியாத கண்ணி. மறக்கிறோம் என்ற பயம் வந்தவுடன் மனிதர்கள் தங்கள் நினைவையே சோதிக்கத் தொடங்குகிறார்கள். பூட்டை இழுத்துப் பார்க்கிறார்கள், பத்தடி போய்த் திரும்பி வந்து மறுபடி இழுக்கிறார்கள். நெதர்லாந்தில் மார்சல் வான் டென் ஹௌட், மெரல் கிண்ட் என்ற இருவர் 2003-ல் இதைச் சோதித்தார்கள். கணினித் திரையில் ஒரு கேஸ் அடுப்பு. அதைத் திருகி மூடிச் சரிபார்க்கும் வேலையை ஒரு கூட்டத்தினரைத் திரும்பத் திரும்பச் செய்யவைத்தார்கள். கடைசித் தடவை எந்த பர்னரைச் சரிபார்த்தீர்கள் என்று கேட்டபோது அவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள். ஆனால் அந்த நினைவு தெளிவாக இல்லை, அதை நம்ப முடியவில்லை என்றார்கள். திரும்பத் திரும்பப் பார்த்ததில் ஒவ்வொரு தடவையும் ஒன்றோடொன்று கலந்து மங்கிவிட்டது. நினைவு சரியாக இருந்தது, நினைவின் மேல் இருந்த நம்பிக்கைதான் தேய்ந்தது. மறதிக்குப் பயந்து பத்துத் தடவை பார்ப்பவருக்கு நேர்வது இதுதான். பார்த்தால் தெளியும் என்று பார்க்கிறார், பார்க்கப் பார்க்கக் குழம்புகிறது.

ஆகவே செய்ய வேண்டியவை நினைவாற்றலை வளர்க்கும் பயிற்சிகள் அல்ல. வல்லாரை லேகியமும் மூளை டானிக்கும் வாங்கிச் செலவை ஏற்றிக்கொள்ளவும் வேண்டாம். பதிவாகாத ஒன்றை எந்த லேகியமும் எடுத்துத் தராது.

போர்டோ கலவைக்கே திரும்பி வருவோம், அதற்குள்ளேயே வழி இருக்கிறது. கலவை சரியாக இருக்கிறதா என்று பார்க்க, நன்றாகத் தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்புக் கத்தியையோ அரிவாளையோ அதில் சிறிது நேரம் நனைத்து எடுப்பார்கள். அலகில் செம்பழுப்பாகப் படிந்தால் செம்பு மிச்சம் இருக்கிறது, சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புப் பால் சேர்த்து, படியாமல் போகும்வரை பார்க்க வேண்டும். படிந்த கலவையைத் தெளித்தால் இலை கருகும். சுண்ணாம்பைப் பாதி போட்டோமா முழுவதும் போட்டோமா என்ற கேள்விக்கு அந்தக் கத்தி பதில் சொல்லிவிடுகிறது. தலையைப் போட்டு உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இந்த மாதங்களில் மற்ற வேலைகளுக்கும் இப்படி ஒரு கத்தி வேண்டும். மாத்திரைக்கு நாள்வாரியாகப் பிரித்த டப்பா இருந்தால், திங்கள் அறை காலியா என்று பார்த்தாலே போதும். மோட்டார் சுவிட்சை நிறுத்தும்போது "நிறுத்தியாச்சு" என்று வாய்விட்டு ஒரு தடவை சொல்லுங்கள். சத்தமாகச் சொல்ல மனம் ஒரு விநாடி அங்கே வர வேண்டியிருக்கிறது, அந்த ஒரு விநாடியில் பதிந்துவிடும். பூட்டை ஒரு தடவை பார்த்த பிறகு திரும்பி வராதீர்கள். முதல் சில நாட்கள் நெஞ்சு அடித்துக்கொள்ளும், பிறகு தணியும். மருந்து கலக்கும் நேரத்திலும் மிஷினில் கை வைக்கும் நேரத்திலும் செல்போன் வீட்டில் இருக்கட்டும். இது மறதிக்கு மட்டும் சொல்வதல்ல, விரலுக்கும் சேர்த்துத்தான்.

கடன் விவரம் தலைக்குள் சுற்றிக்கொண்டிருப்பதுதான் அதிக இடத்தைப் பிடிக்கிறது. யாருக்கு, எவ்வளவு, வட்டி என்ன, எந்தத் தேதி என்று ஒரு நோட்டில் ஒரே பக்கத்தில் எழுதி, வீட்டில் இன்னொருவருக்கும் காட்டிவிடுங்கள். எழுதியதால் கடன் குறையாது. ஆனால் மறந்துவிடுமோ என்று அதை ராத்திரியும் பகலும் தூக்கிச் சுமக்க வேண்டிய தேவை குறையும். முக்கியமாக, இந்த நிலையில் உள்ள வாரங்களில் புதிய பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது, குத்தகையை மாற்றுவது, இன்னொரு கடன் வாங்கிப் பழைய கடனை அடைப்பது போன்றவற்றைத் தனியாக முடிவு செய்யாதீர்கள். விழுப்புரத்துக் கரும்பு விவசாயியின் கணக்குப்படி, பெரிய முடிவுகள் எடுக்கும் நேரமும் கவனம் மிகக் குறைந்த நேரமும் ஒன்றாகவே வந்துவிடுகின்றன. இதைக் கூட்டுறவுச் சங்கத்தில் இருப்பவர்களும் வங்கியில் இருப்பவர்களும் படிக்கிறார்கள் என்றால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆண்டு முழுவதும் காசு புரளும் பயிர்க்காரரைவிட, ஒரே வெட்டை நம்பி நிற்பவர் தவணையை மறக்க வாய்ப்பு அதிகம். தவணைக்கு முந்தைய வாரம் ஒரு போன் செய்து நினைவூட்டுவது, தவறிய பிறகு அபராதம் போடுவதைவிட இருவருக்கும் லாபம்.

2023-ல் சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை வளர்ப்பவருக்குக் கிடைக்க வேண்டியது நிதானமான மனமும்தான். அதனால் வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். மறந்தவரிடம் "நேத்துதானே சொன்னேன்" என்று ஆரம்பிக்காதீர்கள். அந்தக் கேள்வி இன்னொரு பதற்றத்தைத்தான் சேர்க்கும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: தூங்கினீர்களா, எதை நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?

கடைசியாக, எது கவலையால் வந்த மறதி அல்ல என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். கவலையால் மறப்பவர் தன் மறதியைத் தானே சொல்லி வருந்துவார். கவலை தணிந்த நாட்களில் அது குறையும். யாராவது நினைவூட்டினால் "ஆமாம்" என்பார். மறதி நோய் தொடங்கியவரிடம் பெரும்பாலும் வீட்டார்தான் முதலில் கவனிப்பார்கள். அவர் சாவியை வைத்த இடத்தை மறப்பதோடு நில்லாமல் பழகிய வழியில் தொலைந்துபோவார், கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பார், கேட்டதாக நினைவூட்டினாலும் நம்பமாட்டார், மாதத்துக்கு மாதம் கூடும். இப்படி இருந்தால் தாமதிக்கக் கூடாது.

தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, இரத்தசோகை, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கக் கோளாறு, நீண்ட நாள் துக்கம், மது, இவையும் இதே மந்தத்தைத் தரும். தூக்க மாத்திரை, சில ஒவ்வாமை மாத்திரை, மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கிய பதற்ற மாத்திரை ஆகியவையும் தரும். இவற்றில் பலவற்றை ஓர் இரத்தப் பரிசோதனையிலும், சாப்பிடும் மாத்திரைகளை மருத்துவரிடம் காட்டுவதிலும் கண்டுபிடித்துவிடலாம். எனவே இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் அரசு மருத்துவமனையில் முதலில் இந்தப் பரிசோதனையைக் கேளுங்கள். ஆனால் சில மணி நேரத்துக்குள் திடீரென்று குழப்பம் வந்தால், பேச்சு குழறினால், ஒரு கை கால் தளர்ந்தால், சர்க்கரைக்காரர் வியர்த்து உளறினால், அது கவலை அல்ல. அப்போது 108-க்கு உடனே போன் செய்யுங்கள்.

பணம் வந்த பிறகும் இந்த மந்தம் விலகவில்லை, தூக்கமும் வரவில்லை, வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் தலைகாட்டுகிறது என்றால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போகலாம். நேரில் போக முடியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் அந்த எண்ணுக்குக் கட்டணம் இல்லை, ராத்திரி மூன்று மணிக்கும் எடுப்பார்கள்.